என்னை விட அவள் நன்றாகத் தைப்பாள்

ரயிலில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது என் பழக்கம். நெமிலிச்சேரியில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் நாலு பேர் பேசுவதில் ஒன்றாவது என் பையில் விழுந்துவிடும். ஆவடியில் கூட்டம் ஏறும்போது ஒரு பூக்கார அம்மா சொன்னார்: "இந்த ஊர்ல எறங்குறவங்கள விட ஏறுறவங்களுக்குத்தான்மா அவசரம் ஜாஸ்தி." எதிர் சீட்டில் ஒருத்தன் தன் கூட்டாளியைப் பார்த்து, "மாமே, உன் மூஞ்சிய விட உன் செல்போன் கவர் நல்லா கீதுடா" என்றான். நான் இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதமும், அக்கா பிள்ளைகளின் பாடப் புத்தகமும், இப்படி ஊர் வாயும்தான்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'விட' வாக்கியங்கள். அந்தப் பக்கத்தைச் சேர்த்தது பாடம் நடத்துவதற்காக. அதை இப்போது பிரிக்கவே மனசு வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், ஒரு சட்டைக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்து, தையல் பிசகியிருந்தால் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படித் திரும்புவதற்கு எங்கள் தளத்தில் 'ஆல்டர்' என்று பேர். யாருக்கு எத்தனை ஆல்டர் போகிறது என்பது அவரவர் அம்மாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, செக்கிங் மேஜைக்குத் தெரியும்.

நாலைந்து வருஷமாக ஒடிசாவிலிருந்து நிறையப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹாஸ்டலில் தங்குகிறார்கள். தமிழ் டெய்லர்களுக்கும் அவர்களுக்கும் இடையில் எல்லாம் கையால்தான் நடக்கும். நூல் வேண்டும் என்றால் விரலைச் சுற்றிக் காட்டுவார்கள். மெஷின் நின்றுபோனால் கழுத்தில் கையை வைத்து இழுத்துக் காட்டுவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பாவமாகவும் இருக்கும். ஒருநாள் நானே போய் ஹாஸ்டல் அம்மாவிடம், "ஞாயித்துக்கெழம காலைல மெஸ்ல ஒரு மணி நேரம் இவங்களுக்குத் தமிழ் பேசச் சொல்லிக் குடுக்கட்டா?" என்று கேட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன்.

எட்டுப் பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கதை. எங்கள் தளத்தில் ஆளின் பெயரை விட அவர் தைக்கும் பாகத்துக்குத்தான் மதிப்பு. காலர் தைப்பவள் காலர்க்காரி, பாக்கெட் தைப்பவள் பாக்கெட்காரி. இவர்கள் இரண்டு பேரும் ஒரே கிராமம், ஒரே வயசு, என்னை விட ஆறேழு வயசு இளையவர்கள். பாக்கெட்காரி கலகலவென்று பேசுவாள். காலர்க்காரி பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

காலர்க்காரிக்கு ஐந்து வயசில் ஒரு மகள். புருஷன் தவறிப்போய்விட்டான். குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள். ஹாஸ்டலில் குழந்தைகளை வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. ஆனால் ஒரு வரிசை மெஷினுக்குப் பொறுப்பாக, லைன் லீடராக இருப்பவர்களுக்குக் கம்பெனிக்குப் பின்பக்கம் தனி அறை தருவார்கள். குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே அரசுப் பள்ளி. லைன் லீடராக வேண்டுமென்றால் தமிழ் டெய்லர்களை வைத்து வேலை வாங்கத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அவள் என் வகுப்புக்கு வந்தாள். முதல் நாளே, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு, "ஜூன் மாசம். ஸ்கூல். பாப்பா இங்க" என்று சொல்லி, தரையில் தன் பக்கத்தில் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்வதை நாலாவது வாரம் எடுத்தேன். தளத்தில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நேற்றை விட இன்று வேலை ஜாஸ்தி, அந்த நூலை விட இந்த நூல் மொத்தம், இதை விட அது சின்ன சைஸ். முதலில் அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தப்புச் சொன்னார்கள். "தம்பியிலிருந்து நான் உயரம்." எனக்குப் புரியவில்லை. தம்பியிலிருந்து எங்கே போகிறாள் இவள் என்று முழித்தேன். அப்புறம்தான் பாக்கெட்காரி கையும் அரைகுறைத் தமிழுமாக விளக்கினாள். அவர்கள் மொழியில் 'இருந்து' என்பதற்கும் 'விட' என்பதற்கும் ஒரே சொல்லாம். ஊரிலிருந்து வந்தேன் என்றாலும் அதுதான், தம்பியை விட உயரம் என்றாலும் அதுதான்.

'இருந்து' போனது. அடுத்து "தம்பி விட நான் உயரம்" என்றார்கள். அதுவும் ஆகாது. ஒப்பிடுகிற ஆள் மேல் ஒரு 'ஐ' ஏற வேண்டும். தம்பியை விட. நோட்டில் கோடு போட்டு எழுதிக் காட்டினேன். நான் என்பது என்னை ஆகும். நீ என்பது உன்னை ஆகும். அவள், அவளை. மரம் என்றால் மரத்தை. வீடு என்றால் வீட்டை. "பேசறப்ப 'ஐ' முழுசா கேக்காது, தம்பிய விட, உன்ன விட, வீட்ட விடன்னு தேஞ்சு வரும். ஆனா இருக்கும். வுட்ராதீங்க" என்றேன். அப்புறம் 'உயரம்' என்ற சொல்லை ஒன்றும் செய்ய வேண்டாம், அது அப்படியே இருக்கும் என்றபோது அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

அன்றைக்கு மெஸ்ஸில் ஒரே சிரிப்பு. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். "இட்லியை விட தோசை நல்லா இருக்கு." "ரயிலை விட பஸ் லேட்." "கொரட்டூரை விட ஆவடி தூரம்." கடைசியில் பாக்கெட்காரி எழுந்து, சமையல் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக, "சாம்பாரை விட தண்ணி கெட்டி" என்றாள். உள்ளேயிருந்து சமையல் அம்மா கரண்டியோடு வந்துவிட்டார். "எவடி அது? ஒனக்கு நாளைக்கு சாம்பாரே கெடையாது, வெறும் தண்ணிதான்!" எனக்குப் பெருமை பொங்கியது. நாலு வாரத்தில் ஒரு பெண் தமிழில் வம்பிழுக்கிறாள் என்றால் சும்மாவா?

அந்தப் பெருமையில்தான் நான் ஒன்று செய்தேன். இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து, ஒருத்தியை மற்றவளோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். காலர்க்காரியும் பாக்கெட்காரியும் நின்றார்கள். காலர்க்காரி வழக்கம்போல வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இவளை விட நான் நல்லா தைப்பேன்" என்றாள்.

அது உண்மை. காலர் தைப்பது சட்டையிலேயே கஷ்டமான வேலை. முனை இரண்டும் ஒன்றுபோல் வர வேண்டும். அவள் தைத்த காலர் என் மேஜைக்கு வந்தால் நான் ஸ்டிக்கரைக் கையில் எடுக்கவே மாட்டேன். பாக்கெட்காரியின் சட்டை நாலுக்கு ஒன்று திரும்பும். அவளுக்கே தெரியும். அவள் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டவும் செய்தாள்.

ஆனால் எனக்கு என்னவோ காதில் குத்தியது. எங்கள் வீட்டில் எவளாவது தன்னைப் பற்றித் தானே உயர்த்திச் சொன்னால், "யாரும் சொல்லலைன்னு நீயே சொல்லிக்கிறியா?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிக் கிடக்கிறது.

"அப்படிச் சொல்லக்கூடாது கண்ணு. கேக்கறவங்க தப்பா நெனப்பாங்க. திருப்பிச் சொல்லு. என்னை விட இவ நல்லா தைப்பா. அதான் மரியாத."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா, அது..."

"சொல்லும்மா."

"என்னை விட இவ நல்லா தைப்பா."

"சபாஷ்!"

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு ஆரம்பிப்பதே அப்படித்தான். ஒருத்தி எழுந்து பக்கத்தில் இருப்பவளைக் காட்டி, "என்னை விட இவ நல்லா பாடுவா" என்பாள். அடுத்தவள், "என்னை விட இவ நல்லா சமைப்பா" என்பாள். வணக்கம் சொல்வது மாதிரி அது ஆகிவிட்டது. காலர்க்காரி ஒவ்வொரு வாரமும் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான். முதலில் முள் மாதிரி சிக்கியது, போகப் போக வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தமிழில் தடங்கல் இல்லாமல் வந்த முதல் வாக்கியம் அதுதான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு, ஃப்ளோர் இன்சார்ஜ் மெஸ்ஸுக்கு வந்தார். அவர் வேறு யூனிட்டிலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வியாசர்பாடிப் பக்கத்து ஆள், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும்.

"இன்னாமா, ஸ்கூலு நடக்குதா?"

"வாங்க சார். ஒக்காருங்க சார்."

"ஒக்கார நேரமில்ல. மூணாவது லைனுக்கு லீடர் வேணும். ஒடியாப் பொண்ணுங்க பாதி, நம்ம ஆளுங்க பாதி கீறாங்க அங்க. ரெண்டு பக்கமும் பேசத் தெரிஞ்சவளா இருக்கணும், வேலையும் தெரிஞ்சிருக்கணும். உன் கிளாஸ்ல தமிழ் பேசற பொண்ணு எது?"

என் கை தானாகவே இரண்டு பேரையும் காட்டியது. காலர்க்காரி எழுந்தாள். பாக்கெட்காரியும் எழுந்தாள். காலர்க்காரியின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவள் எதற்காக எழுந்து நிற்கிறாள் என்பது அந்த அறையில் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அவர் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலர்க்காரியிடம், "உங்க ரெண்டு பேர்ல யாரும்மா நல்லா தைப்பீங்க?" என்று கேட்டார்.

அவள் வாய்க்குள் சொல்லிப் பார்க்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அட்சர சுத்தமாக, "என்னை விட இவ நல்லா தைப்பா சார்" என்றாள்.

பாக்கெட்காரி திடுக்கிட்டுத் திரும்பி, "சார், இல்ல..." என்று வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நான் குதித்துவிட்டேன்.

"பாத்தீங்களா சார்! எவ்ளோ சுத்தமா சொல்றா பாத்தீங்களா! மூணு மாசம் முன்னாடி 'என்னிலிருந்து'ன்னு சொல்லிக்கினு இருந்த பொண்ணு சார். நம்ம ஆளுங்களே இப்டி சொல்ல மாட்டாங்க!"

அவர் சிரித்தார். "பேஷ் பேஷ். நல்லாத்தான் கத்துக் குடுத்துக்கீற." பாக்கெட்காரி பக்கம் திரும்பி, "நீ நாளைக்குக் காலைல ஆஃபீசுக்கு வா" என்றார். போய்விட்டார்.

பாக்கெட்காரி அவர்கள் மொழியில் காலர்க்காரியிடம் வேகமாக என்னவோ கேட்டாள். காலர்க்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சரியாகத்தானே சொன்னேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் சிரித்து, தலையை ஆட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது. தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது. அண்ணனூர் தாண்டியிருக்கும். அவள் அந்த மனிதர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்த வணக்கத்தைச் சொன்னாள். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அதோடு, அங்கே இருந்தவர்களில் செக்கிங் மேஜையில் நிற்பவள் நான் ஒருத்தி. யாருடைய சட்டை திரும்பும், யாருடையது திரும்பாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நான். ஒரே ஒரு வாக்கியம் போதும். "சார், அவளை விட இவ பீஸுதான் கம்மியா திரும்பும்." அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில், 'ஐ' சரியாக விழுந்ததற்குக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு ஓடினேன். பாக்கெட்காரி எனக்கு முன்னாலேயே போயிருந்தாள். "நான் வேணாம் சார், அவ" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். இன்சார்ஜ் அதைத்தான் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நான் போய் நின்றேன்.

"சார், நேத்து அந்தப் பொண்ணு சொன்னது பாடம் சார். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்கினேன்."

"இன்னாமா சொல்ற? அவ வாயால அவளே சொன்னா. நான் ஒண்ணும் எழுதி வாங்கலயே."

"அதான் சார், அவளுக்கு அது..."

"தோ பாரு, பேரு மேல போயிடுச்சி. அடுத்த லைன் வரும்போது பாத்துக்கலாம். போய் வேலயப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஆல்டர் ஷீட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் விரித்திருக்கலாம். விரிக்கவில்லை. புது இன்சார்ஜ், என்னத்துக்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

இதிலே இதை விடக் கேவலமான பகுதி இனிமேல்தான் வருகிறது. அடுத்த ஞாயிறு காலர்க்காரி எல்லாருக்கும் முன்னால் மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். புது நோட்டு வாங்கியிருந்தாள்.

"அக்கா, எனக்கு இன்னும் நெறைய சொல்லிக் குடுங்க. என்னை விட அவளுக்குத் தமிழ் நல்லா வருது. அதான் சார் அவளக் கூப்ட்டாரு."

அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள்! நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்லம்மா, அது காரணமில்ல, நான்தான் காரணம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "சரி, உக்காரு, இன்னிக்கு மத்தவங்களுக்கு முன்னாடி ஒனக்குத் தனியா பாடம்."

ஆறு வாரம் அப்படிப் போனது. அவள் சாப்பாட்டு நேரத்தில்கூட நோட்டை விரித்துவைத்துப் படித்தாள். எங்கள் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்லிக் காட்டினாள். "அக்கா, இந்த பட்டனை விட அந்த பட்டன் பெருசு." "அக்கா, நேத்தை விட இன்னிக்கி வெயில் ஜாஸ்தி." ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் "சரி, சரி" என்றேன். ஜூன் வந்து பள்ளிக்கூடம் திறந்தது. ஊரில் அவள் அக்கா குழந்தையை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள். சேர்த்த அன்றைக்கு எடுத்த படத்தைக் காலர்க்காரி செல்போனில் எனக்குக் காட்டினாள். ரெட்டைச் சடை, ரிப்பன், பெரிய பை. பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றது குழந்தை.

படத்தைப் பார்த்துவிட்டு என்னால் அதற்கு மேல் முடியவில்லை. மெஸ் வாசல் குழாயடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ் குறைவு என்பது காரணமே இல்லை. அவர் கேட்டது ஒன்று, நீ சொன்னது நான் பழக்கியது. பாக்கெட்காரி மறுக்க வந்தாள், நான் குறுக்கே விழுந்தேன். ஆறு வாரமாக உன்னிடம் மறைத்தேன்.

அவளுக்குச் சிலது புரியவில்லை. மறுபடி சொன்னேன். புரிந்ததும் குழாயை மூடினாள். கொஞ்ச நேரம் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மொதல்ல நான் சரியாத்தான் சொன்னேன் அக்கா. 'இவளை விட நான் நல்லா தைப்பேன்'. நீங்கதான் திருப்பிச் சொல்லச் சொன்னீங்க."

"ஆமாம்மா."

"அது தமிழ் தப்புன்னு நெனச்சேன்."

"தமிழ் தப்பில்லம்மா."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து கடைசியில் உட்கார்ந்தாள். நான் அந்த வணக்க வாக்கியத்தை நிறுத்திவிட்டிருந்தேன். அதை யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு எட்டு மாசம் போனது. அடுத்த மார்ச்சில் ஐந்தாவது லைன் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. மூன்று மாச ஆல்டர் ஷீட்டை எடுத்துக்கொண்டு, காலர்க்காரியையும் அழைத்துக்கொண்டு இன்சார்ஜ் முன்னால் போய் நின்றேன். பாக்கெட்காரியும் தன் லைனை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா, ஊர்வலமா?"

"சார், அஞ்சாவது லைனுக்கு இவள..."

"அவ சொல்லட்டும். வாய் கீதில்ல அவளுக்கு?"

காலர்க்காரி என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தாள். "இந்த ஃப்ளோர்ல எல்லாரையும் விட நான் நல்லா காலர் தைப்பேன் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அடேங்கப்பா! போன வருஷம் பூன மாதிரி இருந்துச்சி. இப்ப எல்லாரையும் விடவாம்! திமிரு ஜாஸ்தி ஆயிடிச்சே நம்ம பொண்ணுக்கு."

அவள் முகம் சிவந்தது. நான் எதைப் பயந்து அவளுடைய வாக்கியத்தைத் திருப்பினேனோ, அது கண் முன்னால் நடந்தது. ஆக, என் பயம் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு எதிரில் நிற்க வேண்டியது நான், அவளில்லை.

"திமிரு இல்ல சார், நெசம்" என்றேன். ஷீட்டை விரித்தேன். "செக்கிங் நான்தான் பாக்கறேன். நான் சொல்றேன். மத்தவங்கள விட இவ பீஸு ரொம்பக் கம்மியாத்தான் ஆல்டருக்குப் போயிருக்கு. போன வருஷமே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

பாக்கெட்காரி பின்னாலிருந்து, "என்னை விட இவ நல்லா தைப்பா சார். இது பாடம் இல்ல சார்" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஷீட்டை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். "வெச்சிட்டுப் போங்க" என்றார்.

ஏப்ரலில் பேர் வந்தது. மே மாசம் பின்பக்கத்து அறை கிடைத்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அவள் அக்கா குழந்தையைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்தாள். நாலு நாள் தங்கினாள். ஐந்தாம் நாள் காலையில் குழந்தை தூங்கும்போது கிளம்பிப் போய்விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு நான் அந்த அறைக்குப் போனேன். ஒரு பாவாடை சட்டைத் துணியும், பிஸ்கட்டும் வாங்கிப் போயிருந்தேன். குழந்தை வாசலுக்கு வெளியே, கம்பெனி மதில் ஓரம் நின்றுகொண்டிருந்தது. ஆறு வயசு. படத்தில் பார்த்ததை விட உயரமாகியிருந்தது. தலை வாரவில்லை. காலர்க்காரி படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் பருப்புச் சோறு, ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"தல வாரிக்க மாட்டேங்குது. பெரியம்மாதான் வாரணுமாம்" என்றாள். "ராத்திரி தள்ளிப் படுக்குது. என்ன அம்மான்னு கூப்பிடல. ஒண்ணுமே கூப்பிடல."

"பழகிடும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல் சொன்னாள்: "என்னை விட அவளுக்குப் பெரியம்மாவத்தான் புடிக்குது அக்கா."

அவள் அக்காவிடம் விட்டுவந்தபோது குழந்தைக்கு நாலு வயசு. போன ஜூனில் வந்திருந்தால் அம்மா முகம் கொஞ்சமாவது நினைவிருந்திருக்குமோ என்னவோ. அந்த ஒரு வருஷத்தில்தான் ஒன்றாம் வகுப்பு, ரெட்டைச் சடை, காய்ச்சல், பண்டிகை எல்லாம் பெரியம்மாவோடு நடந்திருக்கிறது. அந்த வருஷத்தை எடுத்துக்கொண்டவள் நான்.

"என்னாலதான் இது" என்றேன்.

இல்லை அக்கா என்று அவள் சொல்வாள் என எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

"இதக் கொஞ்சம் புடிங்க அக்கா" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். மதில் ஓரம் போய், குழந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, தரையிலேயே உட்கார்ந்தாள். தொடவில்லை, கூப்பிடவில்லை. ஒரு சின்னக் கல்லை எடுத்து மண்ணில் பாண்டி ஆடும் கட்டம் போட ஆரம்பித்தாள். குழந்தை ஓரக்கண்ணால் பார்த்தது. நகரவில்லை. நான் படியிலேயே தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.